ஸ்கேனில் தெரிந்தது வேறு, நோயின் பெயர் வேறு: மூளை ஸ்கேன் ரிப்போர்ட் கையில் வந்தவர்களுக்கு

என் தம்பிக்கு 24 வயதில் முதல் முறையாக வலிப்பு வந்தது. காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவனின் இடது கை விரல்கள் தாமாகத் துடிக்கத் தொடங்கின. டம்ளர் கீழே விழுந்தது. அடுத்த நிமிடம் அவனும் விழுந்தான். அன்று மாலைக்குள் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், இரண்டாம் நாள் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூன்றாம் நாள் எங்கள் வீட்டில் அவனுக்கு மூன்று நோய்கள் இருந்தன. ஸ்கேன் மையத்தில் இருந்தவர் ‘சின்னக் கட்டி’ என்றார். உறவுக்காரர் ஒருவர் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்றார். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘டியூபர்குலோமா’ என்ற சொல்லைக் கண்ட பெரியம்மா, காசநோய் என்று முடிவு செய்து அவனுடைய தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார்.

மூன்றுமே தவறு என்று தெரிய எங்களுக்கு ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரத்தில் நாங்கள் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது, எதை எடுத்துக்கொண்டு போவது, எங்கே நின்று கேள்வி கேட்பது என்பதை மட்டும் சொல்கிறேன். எங்களுக்கு நேர்ந்த மூளை ஸ்கேனை வைத்தே சொல்கிறேன். இந்த வகை ரிப்போர்ட் நம் நாட்டில் வலிப்பு வந்த இளைஞர்கள் பலருக்கும் கிடைக்கிறது.

1. ரிப்போர்ட்டை இரண்டாகப் பிரியுங்கள்

ஸ்கேன் ரிப்போர்ட்டில் இரண்டு பகுதிகள் இருக்கும். முதல் பகுதியின் தலைப்பு ‘ஃபைண்டிங்ஸ்’. படத்தில் என்ன தெரிகிறது, எங்கே, எவ்வளவு பெரிதாக என்ற விவரம் அதில் இருக்கும். கடைசியில் வரும் ‘இம்ப்ரெஷன்’ இரண்டு, மூன்று வரிதான். அந்தப் படம் எதனால் இப்படி இருக்கலாம் என்று கதிரியக்க மருத்துவர் நினைக்கிறாரோ அது அங்கே இருக்கும். நாம் எல்லோரும் நேராகக் கடைசி வரிக்குத்தான் போகிறோம். எங்கள் முதல் தவறு அதுதான்.

தம்பியின் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் தமிழில் சொன்னால் இப்படி இருந்தது:

“மூளையின் வலது பரைட்டல் மடலில் 11 x 9 மி.மீ. அளவில், கான்ட்ராஸ்ட் மருந்தை வளையமாக ஏற்கும் ஒரு லீஷன் தெரிகிறது. அதைச் சுற்றி மிதமான வீக்கம் உள்ளது. நடுக்கோடு விலகவில்லை. இரு பக்க மேக்சிலரி சைனஸிலும் சவ்வு லேசாகத் தடித்துள்ளது. இம்ப்ரெஷன்: கிரானுலோமாவாக இருக்கலாம் – டியூபர்குலோமா / நியூரோசிஸ்டிசர்கோசிஸ். கிளினிக்கல் கோரிலேஷன் தேவை.”

ஒரு பென்சிலை எடுத்து, அளந்து சொன்னவற்றின் கீழ் கோடு போடுங்கள். வலது பக்கம், 11 x 9 மி.மீ., வளையம், வீக்கம், விலகாத நடுக்கோடு. இதே படத்தை வேறொரு மருத்துவர் பார்த்தாலும் இவை பெரிதாக மாறா. பிறகு, ஊகித்துச் சொன்னவற்றைச் சுற்றி வட்டம் போடுங்கள். கிரானுலோமா என்றால் அழற்சியால் உண்டாகும் சிறு முடிச்சு. டியூபர்குலோமா என்றால் காசநோய்க் கிருமியால் வரும் முடிச்சு. நியூரோசிஸ்டிசர்கோசிஸ் என்றால் நாடாப்புழுவின் இளம்பருவக் கூடு மூளையில் தங்குவது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாய்கோடு இருக்கிறது பாருங்கள். ‘இதுவா அதுவா என்று இந்தப் படத்தை மட்டும் வைத்து என்னால் சொல்ல முடியவில்லை’ என்பதுதான் அந்தச் சாய்கோட்டின் பொருள். பெரியம்மா அதில் முதல் பெயரை மட்டும் படித்தார்.

‘லீஷன்’ என்ற சொல்லில்தான் தமிழ் வீடுகள் அதிகம் வழுக்கி விழுகின்றன. இயல்பாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மாற்றம் தெரிகிறது என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பொருள் கிடையாது. அதை யாரோ ‘கட்டி’ என்று தமிழ்ப்படுத்துகிறார்கள். நமக்குச் சீழ்க்கட்டியும் கட்டிதான், புற்றுநோய்க் கட்டியும் கட்டிதான். கேட்பவர் காதில் இரண்டாவதுதான் விழுகிறது. யாராவது ‘கட்டி’ என்று சொன்னால், “ரிப்போர்ட்டில் என்ன சொல் இருக்கிறது, காட்டுங்கள்” என்று கேளுங்கள்.

சைனஸ் வரியையும் விட்டுவிடாதீர்கள். அது உண்மை, படத்தில் தெரிகிறது, ஆனால் வலிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. படத்தில் காண்பதையெல்லாம் எழுதுவது கதிரியக்க மருத்துவரின் கடமை. எழுதப்பட்டவை எல்லாம் நோய் ஆகிவிடாது. நாங்கள் இந்த ஒரு வரிக்காகக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒரு நாளும் 600 ரூபாயும் செலவழித்தோம்.

2. உறுதியின் அளவைக் காட்டும் சொற்களைக் கண்டுபிடியுங்கள்

நோயின் பெயருக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு சொல் நிற்கும். ‘சஜஸ்டிவ் ஆஃப்’, ‘லைக்லி’, ‘பாசிபிள்’, ‘கன்சிஸ்டன்ட் வித்’ என்று பல வகை. ‘கன்சிஸ்டன்ட் வித்’ என்றால் படம் அந்த நோயோடு பொருந்துகிறது என்று பொருள். வேறு நோயோடும் அது பொருந்தலாம். ‘கேன்னாட் பி ரூல்ட் அவுட்’ என்றால் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை என்று மட்டும்தான் பொருள். இந்தச் சொற்களை எல்லா மருத்துவர்களும் ஒரே எடையில் கையாளுவதில்லை. அதனால் “எந்த அளவுக்கு உறுதி?” என்று வாய்விட்டுக் கேட்பதே வழி.

பரிசோதனைச் சீட்டில் வரும் ‘ஆர்/ஓ’ என்ற சுருக்கத்திலும் கவனம் வேண்டும். ‘ஆர்/ஓ டி.பி.’ என்று எழுதினால், காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளச் சோதிக்கிறார்கள் என்று அர்த்தம். காசநோய் இருக்கிறது என்று அதைப் படித்து அழுதவர்களை அந்த வார்டிலேயே பார்த்தேன்.

ஒன்றையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். சில படங்களில் விவரிப்பும் நோயறிதலும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். எலும்பு இரண்டாக உடைந்திருப்பதோ, சிறுநீர்க்குழாயில் கல் நிற்பதோ, மூளைக்குள் புது இரத்தக் கசிவோ தெரிந்தால் கதிரியக்க மருத்துவர் நேராகப் பெயரையே எழுதிவிடுவார். வளையமாகத் தெரியும் லீஷன் அந்த வகையைச் சேர்ந்தது அல்ல.

3. ஒரே வளையம் ஏன் பல நோய்களில் வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. இரத்தக் குழாயில் ஊசியால் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்து இரத்தத்தோடு ஓடும். ஆரோக்கியமான மூளைத் திசுவுக்குள் அது கசியாது. இரத்தக் குழாய்களின் சுவர் அதைத் தடுத்து வைத்திருக்கும். அழற்சியாலோ வேறு காரணத்தாலோ அந்தத் தடுப்பு உடைந்த இடத்தில் மட்டும் மருந்து கசிந்து, படத்தில் வெள்ளையாகத் தெரியும். ஓரத்தில் தடுப்பு உடைந்து, நடுவில் இரத்த ஓட்டமே இல்லாத ஏதோ ஒன்று இருந்தால், படத்தில் வெள்ளை வளையமும் கறுத்த நடுப்பகுதியும் கிடைக்கும்.

நடுவில் இருப்பது சீழாக இருக்கலாம். காசநோயில் செத்துப்போன திசுவாக இருக்கலாம். புழுக்கூட்டின் நீராக இருக்கலாம். வேகமாக வளரும் புற்றுநோயின் அழிந்த மையமாகவும் இருக்கலாம். வளையம் ஓரத்தைப் பற்றிய செய்தி. நடுவில் இருப்பது யார் என்பதை வளையம் சொல்வதில்லை. உறவுக்காரர் தேடியபோது புற்றுநோய் வந்ததற்கும் இதுவே காரணம்: அதுவும் பட்டியலில் இருக்கிறது, ஆனால் பட்டியலில் இருப்பதும் தம்பியிடம் இருப்பதும் ஒன்றல்ல.

அப்படியானால் பெயரை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? நாங்கள் இரண்டாவதாகப் போன நரம்பியல் மருத்துவர் எங்கள் முன்னாலேயே அதைச் செய்து காட்டினார். அவர் படத்தை முதலில் எடுக்கவே இல்லை. தம்பியிடம்தான் தொடங்கினார். “வலிப்பு எந்த விரலில் ஆரம்பித்தது?” என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்கவில்லை. இடது கை என்றதும் தலையசைத்தார். மூளையின் வலப்பக்கம் உடலின் இடப்பக்கத்தை ஆள்கிறது. லீஷன் வலப்பக்கம் இருக்கிறது, துடிப்பு இடக்கையில் தொடங்கியது. படத்தில் தெரிவதும் உடலில் நடந்ததும் ஒன்றோடொன்று சேர்கின்றன. துடிப்பு வலக்கையில் தொடங்கியிருந்தால், இந்த லீஷன்தான் வலிப்புக்குக் காரணமா என்பதே கேள்வியாகியிருக்கும். ரிப்போர்ட்டின் கடைசியில் வழக்கமாக எழுதும் ‘கிளினிக்கல் கோரிலேஷன் தேவை’ என்ற சொற்றொடரின் பொருளை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அடுத்து காய்ச்சல், எடை குறைவு, நாள்பட்ட இருமல், வீட்டில் யாருக்காவது காசநோய் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றோம். மார்பு எக்ஸ்ரேயும் எச்.ஐ.வி. சோதனையும் எடுக்கச் சொன்னார். எச்.ஐ.வி. இருந்தால் பட்டியலே மாறிவிடும் என்பதால் அது வேண்டும் என்றார். இரண்டிலும் ஒன்றும் இல்லை. தலைவலி, வாந்தி, கைகால் பலவீனம் நாளுக்கு நாள் கூடுகிறதா என்றும் பார்த்தார். கூடவில்லை.

பிறகு லீஷனின் அளவுக்கு வந்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையினர் வலிப்போடு வரும் இந்தியர்களிடம் காணும் இதே ஒற்றைச் சிறு லீஷனை 1980களில் ஆராய்ந்தார்கள். அதற்கு முன் இவற்றைப் பெரும்பாலும் காசநோய் என்று எண்ணிச் சிகிச்சை தருவார்கள். அறுவை செய்து எடுத்துப் பார்த்தபோது பெரும்பாலானவை நாடாப்புழுக் கூடுகளாக இருந்தன. அந்த அனுபவத்திலிருந்து பிறந்த அளவுகோலை மருத்துவர்கள் இன்றும் கையாளுகிறார்கள். லீஷன் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், 20 மி.மீ.க்கு மிகக் கூடாது, வீக்கம் நடுக்கோட்டைத் தள்ளக் கூடாது, நோயாளிக்கு நாளுக்கு நாள் கூடும் பாதிப்போ வேறு உறுப்பில் நோயோ இருக்கக் கூடாது. இத்தனையும் சேர்ந்தால் புழுக்கூட்டின் பக்கம் தராசு சாயும். அந்த அளவுகோலில் பாதி படத்திலிருந்து வருகிறது, பாதி ஆளிடமிருந்து வருகிறது என்பதைக் கவனியுங்கள். ஸ்கேன் மையத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் முதல் பாதி மட்டுமே இருக்கிறது.

கடைசியாகத்தான் சி.டி. ஸ்கேன் படங்கள் இருந்த தகட்டைக் கணினியில் போட்டார். பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். வளையத்துக்குள், நடுவிலிருந்து சற்று விலகி, கடுகை விடச் சிறிய ஒரு புள்ளி. “இது புழுவின் தலை” என்றார். அந்தப் புள்ளி தெரிந்தால் நோயின் பெயர் ஏறக்குறைய முடிவாகிவிடும். அது எங்கள் கையில் இருந்த பிலிமில் அச்சாகவே இல்லை.

“நாங்கள் பன்றி இறைச்சி சாப்பிடுவதே இல்லையே, டாக்டர்” என்று அம்மா கேட்டார். இறைச்சியால் வருவது குடலில் வாழும் நாடாப்புழு, அந்தப் புழு உள்ள ஒருவரின் மலத்திலிருந்து முட்டைகள் தண்ணீரிலோ பச்சைக் காய்கறியிலோ கைகளிலோ சேர்ந்து நம் வாய்க்குள் போனால்தான் மூளைக்கூடு வரும், சைவ உணவுக்காரர்களுக்கும் வரும் என்றார். வீட்டு வழக்கத்தை வைத்தும் நோயை இல்லை என்று தள்ள முடியாது.

4. ஸ்கேனுக்கு முன் ஒரு தாள் எழுதிக் கொடுங்கள்

எங்கள் முதல் ஸ்கேன் சீட்டில் ‘ஃபிட்ஸ்’ என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. கதிரியக்க மருத்துவர் தம்பியைப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான். குறைவாகச் சொன்னால், அவர் தரும் பட்டியல் அகலமாகத்தான் இருக்கும்.

அரைப் பக்கத் தாள் போதும். அறிகுறி எந்தத் தேதியில், உடலின் எந்தப் பக்கம், எந்த உறுப்பில் தொடங்கியது, எத்தனை நிமிடம் நீடித்தது என்று எழுதுங்கள். காய்ச்சல், எடை குறைவு, இருமல், வீட்டில் காசநோய், சர்க்கரை நோய், முன்பு வந்த புற்றுநோய் இவற்றில் இருப்பதையும் இல்லாததையும் எழுதுங்கள். இப்போது சாப்பிடும் மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்பதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைத்துவிடும், சில சமயம் லீஷனையே மங்கலாக்கிவிடும். அது தெரியாமல் படத்தைப் படிப்பவர் ஏமாறுவார். வலிப்பைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் எழுதுவது நல்லது. விழுந்தவருக்குப் பெரும்பாலும் முழுதாக நினைவிருக்காது.

5. ஆவணங்கள், செலவு, நேரம்

எம்.ஆர்.ஐ. மையத்துக்குப் போகும்போது மருத்துவரின் சீட்டு, மேலே சொன்ன தாள், பழைய ஸ்கேனின் பிலிமும் தகடும், அடையாள அட்டை, காப்பீட்டு அட்டை இவற்றை ஒரே உறையில் வையுங்கள். கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்துவதாக இருந்தால் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தச் சோதனை முடிவைக் கேட்பார்கள். அது இல்லாமல் போய் நாங்கள் அரை நாளை வீணாக்கித் திரும்பி வந்தோம். முந்தைய நாளே அருகிலுள்ள பரிசோதனைக் கூடத்தில் எடுத்துவிடுங்கள். கருவுற்றிருந்தாலோ, உடலுக்குள் உலோகமோ இதயத்துக்கான கருவியோ பொருத்தியிருந்தாலோ, முன்பு கான்ட்ராஸ்ட் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ முதலிலேயே சொல்லுங்கள்.

எங்களுக்கு 2023இல் தனியார் மையத்தில் சி.டி.க்கு 2,800, கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ.க்கு 9,500, தகட்டுக்குத் தனியாக 200, இரண்டாம் மருத்துவருக்கு 1,000 ரூபாய் ஆனது. ஊருக்கு ஊர் இது மாறும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கட்டணம் இதைவிட மிகக் குறைவு, ஆனால் அவசரம் இல்லாதவர்களுக்குத் தேதி கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருக்கும். நாங்கள் அங்கே கேட்டுப் பார்க்காமலே தனியாரிடம் ஓடினோம். நீங்கள் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுத்திருக்கும் நேரம் எங்களுக்கு 40 நிமிடம் ஆனது. ரிப்போர்ட் மறுநாள் மாலை வந்தது. பிலிம் உடனே கிடைத்துவிடும் என்பதால் எல்லோரும் அதை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். தகட்டைக் கேட்டு வாங்காமல் வராதீர்கள். எம்.ஆர்.ஐ.யில் நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கிறார்கள். பிலிமில் அவற்றில் தேர்ந்தெடுத்த சில மட்டுமே, அதுவும் பொடியாக, வெளிச்சத்தை மாற்ற முடியாதபடி அச்சாகின்றன. தகட்டில் எல்லாப் படங்களும் ‘டைகாம்’ வடிவில் இருக்கும், கணினியில் பெரிதாக்கிப் பார்க்கலாம். பிலிமை ஜன்னலில் சாய்த்து வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்து வெளியூர் மருத்துவருக்கு அனுப்பினோம். அவர் சொன்ன பதில் பயனில்லாமல் போனதற்கு அவர் காரணம் அல்ல.

வீட்டுக்கு வந்ததும் தகட்டை ஒரு பென் டிரைவில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். சில மையங்கள் பழைய படங்களை நெடுநாள் வைத்திருப்பதில்லை.

6. சிகிச்சை தொடங்கும் முன் கேட்க வேண்டியவை

முதல் மருத்துவமனையில் ரிப்போர்ட் வந்த அன்றே காசநோய் மாத்திரைகளை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தம்பி இரண்டு வாரம் சாப்பிட்டான். அந்த மருந்துகள் காசநோய் உள்ளவருக்கு உயிர் காப்பவை, மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டியவை. ஆனால் அவற்றில் சில கல்லீரலைப் பாதிக்கக் கூடும். ரிஃபாம்பிசின் என்ற மருந்து, வலிப்புக்காகக் கொடுக்கும் சில மாத்திரைகளின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். தேவையில்லாதவருக்கு இரட்டை இழப்பு.

நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்தாதீர்கள். குறிப்பாக வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடாதீர்கள். ரிப்போர்ட்டில் இருந்த இரண்டு நோய்களில் எதனால் வலிப்பு வந்தாலும் அதைக் கொடுக்க வேண்டியிருக்கும். பெயர் உறுதியாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. நோயின் காரணத்துக்காகத் தரும் மருந்தைப் பற்றித்தான் கேள்வி கேட்க வேண்டும். நாங்கள் தாமதமாகக் கற்ற கேள்விகள் இவை: “ரிப்போர்ட்டில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. நீங்கள் இதைத் தேர்ந்தெடுத்ததற்குப் படத்தில் என்ன காரணம், ஆளிடம் என்ன காரணம்?” “மற்றதை எதை வைத்துத் தள்ளினீர்கள்?” “இந்த மருந்து சரிதானா என்று எப்போது, எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம்?” பணிவாகக் கேட்டால் கோபப்படும் மருத்துவர் குறைவு. முதல் மருத்துவமனையில் நாங்கள் கேட்கவே இல்லை.

புழுக்கூடு என்று முடிவான பிறகும் எங்கள் மருத்துவர் உடனே புழு மருந்தைத் தொடங்கவில்லை. கண்ணுக்குள் கூடு இருந்தால் அந்த மருந்தால் பார்வை பாதிக்கப்படலாம் என்று முதலில் கண் பரிசோதனைக்கு அனுப்பினார். அதன் பிறகே ஸ்டீராய்டு பாதுகாப்போடு அல்பெண்டசோல் கொடுத்தார். படத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது உடலின் வேறு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அந்தப் படம் சொல்லாது.

காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நீடித்தாலோ, நினைவு திரும்பும் முன் மறுபடி வந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, தலைவலியும் வாந்தியும் கூடிக்கொண்டே போனாலோ, ரிப்போர்ட்டைப் பற்றி யோசிக்காமல் 108க்கு அழையுங்கள்.

7. மறு ஸ்கேனை ஒப்பிடும் முறை

மூன்றாம் மாதம் மறு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். இயன்றவரை அதே மையத்தில், அதே வகை ஸ்கேனை, அதே போலக் கான்ட்ராஸ்ட் கொடுத்து எடுங்கள். முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு அடுத்து சி.டி. எடுத்தால், மாறியது லீஷனா, கருவியா என்ற குழப்பம் வரும். பழைய தகட்டைக் கொண்டுபோய், “முந்தையதோடு ஒப்பிட்டு எழுதுங்கள்” என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். ஒப்பிடாத ரிப்போர்ட்டில் இன்றைய அளவு மட்டும் இருக்கும். குறைந்ததா, கூடியதா என்று அது சொல்லாது.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. லீஷன் சிறிதானால், “பார்த்தீர்களா, கொடுத்த மருந்து சரி, அதனால் நோயும் அதுதான்” என்று தோன்றும். புழுக்கூடுகள் பலவும் மருந்தில்லாமலே சில மாதங்களில் சுருங்கிவிடக் கூடியவை. காசநோய் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சுருங்கினால் அது காசநோய் என்று நிரூபணமாகிவிடாது. தலைகீழாகவும் நடக்கும்: உண்மையான டியூபர்குலோமா, சரியான மருந்து தொடங்கிய பிறகும் சில வாரங்கள் பெரிதாகத் தெரியலாம். அதனால் மறு ஸ்கேனில் சிறிதாகிவிட்டது என்பதும் விவரிப்புதான். அதிலிருந்து பெயருக்குப் போக மறுபடியும் ஆளையும் காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

லீஷன் குறையாமல் வளர்ந்தாலோ, புதிதாக இன்னொன்று தோன்றினாலோ, முதல் பெயரையே மறுபடி சந்தேகிக்க வேண்டும் என்று எங்கள் மருத்துவர் சொல்லியிருந்தார். அப்போது ஊசியால் திசு எடுத்துப் பார்க்கும் பேச்சு வரும். படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், சில நோய்களில் திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும்வரை பெயர் உறுதியாகாது.

தம்பிக்கு மூன்றாம் மாத எம்.ஆர்.ஐ.யில் 11 மி.மீ. 5 மி.மீ. ஆகியிருந்தது, வீக்கம் வடிந்திருந்தது. ஆறாம் மாதம், சுண்ணாம்புப் படிவு இருக்கிறதா என்று பார்க்கச் சாதாரண சி.டி. ஒன்று எடுத்தார்கள். அதன் ரிப்போர்ட்டில் ஒரே வரி: “வலது பரைட்டல் மடலில் 3 மி.மீ. சுண்ணாம்புப் புள்ளி, சுற்றிலும் வீக்கம் இல்லை.” நோயின் பெயர் எதுவும் அதில் இல்லை. இந்த முறை அதைப் படித்த எங்களில் யாரும் பதறவில்லை. அம்மா அதை உறையில் வைத்து, மறுநாள் காலை மருத்துவரிடம் கொண்டுபோனார். அவர் முதல் எம்.ஆர்.ஐ.யையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பார்த்தார். தம்பிக்குக் கடந்த ஆறு மாதத்தில் ஒரு முறையாவது கை துடித்ததா என்று கேட்டார். இல்லை என்றான். “ஆறிய புழுக்கூடு” என்று அவருடைய சீட்டில் அவர் எழுதினார். ஆறிய வடுவாலும் வலிப்பு வரலாம் என்பதால் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த தேதியைக் குறித்துக் கொடுத்தார். அந்தச் சீட்டு, தகடுகள், பென் டிரைவ், எல்லாம் இப்போது ஒரே உறையில் பீரோவின் மேல் தட்டில் இருக்கின்றன. தட்டையும் டம்ளரையும் பெரியம்மா எப்போதோ மற்றவற்றோடு சேர்த்துவிட்டார்.